ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுப்பு விதிகள் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், நோயாளியுடன் தங்கியிருந்த ஊழியர் மருத்துவமனையில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். கட்டுரையாளர் அக்கடிதத்துக்காக எந்த மருத்துவமனையின் எந்தச் சாளரத்திலும் நின்றதில்லை என்பது தங்களுக்கும் புரிந்திருக்கும்.

என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளியுடன் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது மருத்துவமனை அச்சிட்டுக் கொடுத்த விதி. அதற்குக் கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். வயதானவர்களுக்கு இவ்வகை அறுவை சிகிச்சைக்குப் பின் இரவில் மனக்குழப்பம் வருவது அரிதல்ல. அம்மாவும் இடம் தெரியாமல், கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி, கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டி இறங்கப் பார்த்தார். உடனிருப்பவர் அருகிலிருந்து நகரக் கூடாது என்று செவிலியர் என்னிடம் சொன்னதோடு, குறிப்பேட்டிலும் எழுதினார். ஆக, நான் அங்கிருந்தது என் பாசத்தைக் காட்டுவதற்காக மட்டும் அன்று.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நிலைமை தலைகீழானது. என் பெயரும் உறவும் எழுதியிருந்த உடனிருப்பவர் பாஸைப் பில் கட்டியதும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கைக்கு வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அம்மாவின் எலும்பு, மருந்து, தையல் பிரிக்கும் நாள் எல்லாம் இருந்தன. நான் மட்டும் இல்லை. அதைப் பெற்ற என் அலுவலக மனிதவளப் பிரிவு, நோயாளி அனுமதிக்கப்பட்டதற்கு இது சான்று, தாங்கள் தங்கியதற்கு அல்ல என்று மிகுந்த மரியாதையுடன் பதில் அனுப்பியது. மருத்துவரிடம் போனேன், மகள் உடனிருந்ததாகக் கூறுகிறார் என்று எழுதித் தந்தார். நான் கூறுவதை நானே அலுவலகத்தில் கூறியிருப்பேனே, அதற்கு மருத்துவமனையின் முத்திரை எதற்கு?

ஆயினும் மருத்துவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோயாளிக்கு ஆள் துணை ஏன் தேவைப்பட்டது என்பதை அவர்தான் சொல்ல முடியும். அந்த ஆள் நான்தான், இன்ன நாள்களில் இருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கான தடயம் வார்டிலும் நிர்வாகத்திலும்தான் இருக்கிறது: பாஸ் வழங்கிய பதிவு, ஒப்புதல் படிவங்களில் என் கையெழுத்து, செவிலியர் குறிப்பு. முதல் பகுதிக்கு மருத்துவரும் இரண்டாம் பகுதிக்கு நிர்வாகமும் பொறுப்பேற்றால் இரண்டு வரியில் முடிகிற வேலை இது. மருத்துவரோ நிர்வாகத்தைக் கேள் என்கிறார், நிர்வாகம் மருத்துவரைக் கேள் என்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த உடனே அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அங்கே படுக்கையருகே யாரையும் விடுவதில்லை. ஆனால் ரத்தம் ஏற்ற ஒப்புதல் வேண்டும், வெளியே மருந்து வாங்க வேண்டும் என்று எந்த நேரத்திலும் அழைப்பார்கள் என்பதால் காத்திருப்புக் கூடத்தை விட்டுப் போகவும் கூடாது. படுக்கையருகே தங்கியதாக எழுதச் சொன்னால் அந்த நாள்களைச் சேர்க்க மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது நியாயமே. மருத்துவமனை வளாகத்தில் இருக்குமாறு பணிக்கப்பட்டார் என்று அந்த நாள்களுக்குத் தனியாக எழுதச் சொன்ன பிறகுதான் கடிதம் நகர்ந்தது.

கடைசியாக என் கையில் வந்த கடிதத்தின் உடல் இவ்வளவுதான்: "உள்நோயாளி எண் … கொண்ட திருமதி … அவர்கள் … முதல் … வரை இங்குச் சிகிச்சை பெற்றார். அவருடைய உடல்நிலை காரணமாக, … முதல் … வரை மருத்துவமனை வளாகத்திலும், … முதல் … வரை படுக்கையருகிலும் ஒருவர் இருப்பது அவசியமாயிற்று. வார்டுப் பதிவுகளின்படி அவருடைய மகள் … உடனிருந்தார்." கீழே மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, நிர்வாகத்தின் கையெழுத்து, முத்திரை, கடிதம் எழுதிய உண்மையான தேதி. பழைய தேதியைப் போட்டுத் தருகிறேன் என்று ஓர் எழுத்தர் பெருந்தன்மையுடன் முன்வந்தார், மறுத்துவிட்டேன். பின்னாளில் அலுவலகம் சரிபார்க்க அழைத்தால் மாட்டுவது அவரல்லவே. நோயின் பெயரும் கடிதத்தில் இல்லை. என் அம்மாவுக்கு இரவில் என்ன நேர்ந்தது என்பது என் மேலாளர் படிக்க வேண்டிய செய்தி அன்று.

தங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த இதழில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இந்த வாசகத்தைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே, பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, இக்கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி