காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை மீட்டிங் வேண்டாம்

சென்னையிலிருந்து அமெரிக்க கிளையன்ட்டுகளுக்கு வேலை பார்க்கும் மென்பொருள் அணிகளின் டெலிவரி மேனேஜர்களுக்கும் புராஜெக்ட் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். மீட்டிங் அதிகம் என்று நாங்கள் முனகும்போதெல்லாம் "கிளையன்ட் கேட்கிறார், என்ன செய்வது" என்கிறீர்கள். மாலை மீட்டிங்குகளுக்கு அந்தப் பதில் சரி. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தாக வேண்டும், கொடுக்கிறோம். ஆனால் நம் காலை 9.30 அவர்களுக்கு நள்ளிரவு 12 மணி, குளிர்காலத்தில் இரவு 11. பகல் 12.30க்கு அங்கே விடியற்காலை 3, குளிர்காலத்தில் 2. அந்த மூன்று மணி நேரத்தில் நம் காலண்டரில் இருக்கும் ஒவ்வொரு மீட்டிங்கையும் வைத்தது நாம்தான். கிளையன்ட் தூங்கிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் காலை நேரத்தை மட்டும் கேட்கிறேன்.

ஒரு டெவலப்பரின் சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். 10 மணிக்கு ஸ்டாண்டப். ஸ்க்ரம் கையேடு அதற்குத் தருவது 15 நிமிடம்தான். காலண்டர் தானாக 30 போட்டதால் 30 ஓடுகிறது. 11 மணிக்கு டிஃபெக்ட் ட்ரையாஜ், அரை மணி. 12 மணிக்கு, மாலை கிளையன்ட் காலில் யார் என்ன பேசுவது என்று முடிவு செய்ய ஒரு ப்ரீ-கால், அதுவும் அரை மணி. மூன்று மணி நேரத்தில் மீட்டிங் மொத்தம் ஒன்றரை மணிதான். மீதி ஒன்றரை மணி இருக்கிறதே என்று உங்கள் எக்செல்லில் தெரியும். அது மூன்று அரைமணித் துண்டுகளாக இருப்பது அதில் தெரியாது. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் ஒரு டெட்லாக்கைத் தேடுகிறவர், லாகைத் திறந்து, எந்த த்ரெட் எந்த லாக்கைப் பிடித்திருக்கிறது என்று மனதில் வரைபடம் போட்டு முடிக்கவே அந்த அரை மணி போய்விடும். அடுத்த மீட்டிங் முடிந்து வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அதனால் அவர் என்ன செய்வார்? அரை மணியில் முடிகிற சில்லறை வேலைகளைக் காலையில் முடித்துவிட்டு, கஷ்டமானதை இரவு கிளையன்ட் கால் முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். உங்கள் அணியில் முக்கியமான கமிட்டெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் விழுகிறதா என்று ஒருமுறை ரெப்போவைப் பாருங்கள்.

சரி, தீர்வுக்கு வருவோம். அவரவர் வசதிக்கு அவரவர் காலண்டரில் நேரத்தைப் பூட்டிக்கொள்ளச் சொல்வதுதான் வழக்கம். அது பலிக்காது. எட்டு பேர் எட்டு வெவ்வேறு நேரத்தைப் பூட்டினால், எல்லாருக்கும் பொதுவாகக் காலியான நேரம் குறைந்துபோகும். மீட்டிங் வைக்கிறவர் வேறு வழியில்லாமல் யாரோ ஒருவரின் பூட்டை உடைத்துத்தான் வைப்பார். உடைவது பெரும்பாலும் அணியில் இளையவரின் பூட்டு. முழு அணிக்கும், முடிந்தால் நம்மோடு சேர்ந்து வேலை செய்யும் டெஸ்டிங் அணிக்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும்: திங்கள் தவிர மற்ற நான்கு நாள், 9.30 முதல் 12.30 வரை. ஸ்டாண்டப்பை 12.30க்குத் தள்ளுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடியும், ஏனென்றால் எல்லாருக்கும் பசிக்கும். ட்ரையாஜும் ப்ரீ-காலும் மாலை 4 மணிக்கு மேல் போகட்டும்.

கூகுள் காலண்டரில் `Focus time` என்ற வகையில் பதிவு செய்தால், பல அலுவலகக் கணக்குகளில் அந்த நேரத்துக்கு வரும் புது அழைப்பைத் தானாகவே மறுக்க வைக்கலாம். அவுட்லுக்கில் வெறுமனே பிஸி என்று போட்டால் அழைப்பு வந்து மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அங்கே மறுப்பது மனிதர் கையில் இருக்கிறது. அதை ஜூனியர் தலையில் போடாமல் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மீட்டிங்கின் நீளம். இதற்குப் பேச்சுவார்த்தையே வேண்டாம், செட்டிங் போதும். கூகுள் காலண்டரில் `Speedy meetings` என்பதை டிக் செய்தால் 30 நிமிட மீட்டிங் 25 ஆகும், 60 நிமிடம் 50 ஆகும். எக்சேஞ்ச் ஆன்லைன் இருக்கும் நிறுவனத்தில் ஐடி அட்மின் எல்லாருக்கும் சேர்த்தே மாற்றிவிடலாம்:

```
Set-OrganizationConfig -ShortenEventScopeDefault StartLate -DefaultMinutesToReduceShortEventsBy 5 -DefaultMinutesToReduceLongEventsBy 10
```

இதில் `EndEarly` என்றும் போடலாம். என் ஓட்டு `StartLate`க்குத்தான். 10.25க்கு முடிய வேண்டிய மீட்டிங்கில் அடுத்தது 10.30க்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அந்த ஐந்து நிமிடத்தையும் பேசியே தீர்ப்பார்கள். 10.05க்கு ஆரம்பித்தால் முந்தைய மீட்டிங்கிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர இடைவெளி நிச்சயம். கூகுளில் சீக்கிரம் முடிக்கும் வசதி மட்டுமே உண்டு.

இந்த செட்டிங் புதிதாகப் போடும் மீட்டிங்கை மட்டுமே குறைக்கும். வாரா வாரம் வந்துகொண்டிருக்கும் பழைய ரெகரிங் மீட்டிங்குகளைத் தொடாது. நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அவைதான். ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில், இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும் ரெகரிங் மீட்டிங்குகளை ஒட்டுமொத்தமாக அழித்தது. புதன்கிழமை மீட்டிங் கிடையாது என்றும் அறிவித்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் ரெகரிங் மீட்டிங் ஒவ்வொன்றுக்கும் முடியும் தேதி போடுங்கள், மூன்று மாதம். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் யாராவது கேட்டுப் புதுப்பிக்கட்டும். யாரும் கேட்காதது எத்தனை என்று அப்போது தெரியும்.

காலையைக் காலி செய்து எல்லாவற்றையும் பிற்பகலில் கொட்டினால் அது இன்னும் மோசம். 4 மணியிலிருந்து 8 மணி வரை மூச்சுவிடாமல் மீட்டிங் ஓடும், ஏழு மணி ஆபீஸ் கேபைப் பிடிக்க வேண்டியவர்கள் தவிப்பார்கள். அதனால் இடம் மாற்றுவதோடு எண்ணிக்கையும் குறைய வேண்டும். ஸ்டேட்டஸ் கேட்பதற்கென்றே இருக்கும் மீட்டிங்கை முதலில் எடுங்கள். ஜிராவில் இருப்பதைத்தான் அங்கே வாய்விட்டுப் படிக்கிறோம்.

மீட்டிங் இல்லை என்றதும் அதே கேள்வி டீம்ஸில் "ஒரு குவிக் கால் வரலாமா" என்று வந்து நிற்கும். ப்ரொடக்ஷன் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை நியாயமானது. வாரம் ஒருவர் ஆன்-கால் இருக்கட்டும். அவருக்கு அந்த வாரம் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பி1 வந்தால் சாட் வேண்டாம், அவருக்கு நேராக ஃபோன். மற்றது எல்லாம் 12.30 வரை காத்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, ஆகவே இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து வேலை செய்வதை மீட்டிங் என்று எண்ண வேண்டாம். எல்1 சப்போர்ட் அணிக்கு இந்தத் திட்டமே பொருந்தாது. டிக்கெட் வரும்போது எடுப்பதுதான் அவர்கள் வேலை.

லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களோடு இதைத்தான் செய்து பார்த்து 1999இல் வெளியிட்டார். குறிப்பிட்ட சில நாள் காலை வேளையில் யாரும் யாரையும் குறுக்கிடக் கூடாது என்பது ஏற்பாடு. வேலை நன்றாக நகர்ந்தது, ஆனால் ஆய்வு முடிந்த பிறகு ஏற்பாடு நிலைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஓடிவந்து தீயை அணைக்கிறவருக்கே பாராட்டு என்ற வழக்கம் அங்கே மாறாததுதான் காரணம். நம் அப்ரைசலில் யாரைப் புகழ்கிறோம் என்று யோசித்தால் எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது.

நான்கு வாரம் இப்படி நடத்திப் பாருங்கள். அப்புறம் பிடித்திருக்கிறதா என்று சர்வே எடுக்காதீர்கள், எல்லாரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொருவர் காலண்டரையும் திறந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடையாமல் இருந்த நேரம் வாரத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். காலை நேரம் எத்தனை முறை உடைந்தது, உடைத்தது யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் அதிகம் வருவது உங்கள் பெயரே என்றால், ஐந்தாவது வாரத்துக்கு முன் நாம் உட்கார்ந்து பேச வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல், இருபத்தைந்து நிமிடம்.

இப்படிக்கு,
ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒரு டெக் லீட்