பனியன் பில்லில் ஏறாத உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் ஏற்றுமதி பற்றிய உங்கள் கட்டுரையில் நூல் விலை, கூலி, கரண்ட் பில் எல்லாம் இருந்தன. உப்பு மட்டும் இல்லை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பண்ணையம் பார்க்கிறவன் நான். என் கணக்கு உப்பில்தான் தொடங்கும்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும். லிட்டருக்கு 50 கிராம், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 400 கிராம் ஆகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு பனியனுக்கு 80 கிராம். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் தங்காமல், அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. தெளிந்த தண்ணீர்தானே என்று யாராவது சொன்னால் வாயில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றோடு வந்து, பாசனத்துக்குக் கட்டிய எங்கள் அணையில் தேங்கி, நிலத்தடியில் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்தது. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகியது, காய் சிறுத்தது. குடிதண்ணீரை விலைக்கு வாங்கினோம். பனியனை வாங்கியவர் ஐரோப்பாவில் இருக்கிறார். அதன் 80 கிராம் உப்புக்கு நான் காசு கொடுத்தேன். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்கிறார்கள்.

பேசித் தீர்த்திருக்கலாமே என்பார்கள். யாரிடம் பேசுவது? நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள். என் கிணற்று உப்பு எந்தப் பட்டறையுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல மனசுக்காரர் ஒருவர் தாமாகவே சுத்திகரித்தால் அவர் ரேட் கூடும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அதனால் 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்றது. 2011இல் பட்டறைகளை மூடவே உத்தரவிட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சவ்வு வடிகட்டியும் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிற எந்திரமும் ஒழுங்காக ஓடின. அந்தச் செலவு சாயக் கூலியில் ஏறியது.

கூலி ஏறினால் தொழில் வெளியூருக்குப் போய்விடும் என்று முதலாளிகள் சொன்னதைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். என் மகனே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆனால் இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊருக்குத் தொழில் போனால் செலவு ஒழிந்துவிடுமா? அங்கே வேறொரு ஆற்றங்கரைக்காரன் தலையில் விழும்.

முன்பே இறங்கிய உப்புக்கு எந்தச் சாயக் கூலியும் ஈடாகாது. நல்ல மழைக்கு அப்புறம் கிணறு கொஞ்சம் தேறுகிறது. சித்திரையில் தொட்டியில் இறைத்து ஊற்றினால், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சென்னிமலை வட்டாரம்