அட்டையில் அச்சாகாத விலை: தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 10 மி.கி. செட்டிரிசின் பத்து மாத்திரை. ஒரே மூலப்பொருள், ஒரே அளவு. கடைக்காரர் இதை ஒரு கம்பெனியிடம் 18 ரூபாய்க்கும் இன்னொன்றிடம் 3 ரூபாய்க்கும் வாங்கலாம். ஆனால் இரண்டு அட்டையிலும் எம்.ஆர்.பி. ஏறக்குறைய 20 ரூபாய் என்றே இருக்கக்கூடும். (இங்கே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. வரியைச் சேர்க்கவில்லை.) பிராண்டு விலை அதிகம், ஜெனரிக் மலிவு என்று பேசும்போது தவறவிடுவது இதைத்தான். ஜெனரிக்கின் மலிவு நோயாளியின் கைக்கு வருமுன்பே நின்றுவிடுகிறது.

இதில் 18 ரூபாய்ச் சரக்கும் ஜெனரிக்தான். காப்புரிமை முடிந்த மருந்துக்குக் கம்பெனி தன் பெயரைச் சூட்டி, மெடிக்கல் ரெப் வழியாக மருத்துவரிடம் கொண்டுபோகிறது. அந்தச் செலவு விலையில் ஏறுகிறது. 3 ரூபாய்ச் சரக்கைத் தொழிலில் டிரேட் ஜெனரிக் என்போம். அதற்கு ரெப் கிடையாது, நேராக ஸ்டாக்கிஸ்டுக்கு வரும். சில சமயம் இரண்டும் ஒரே ஆலையில் உருவானவையாகவே இருக்கும். அட்டையின் பின்புறம் தயாரித்தவர் பெயரையும் விற்பனை செய்பவர் பெயரையும் பார்த்தால் தெரியும்.

இனி உங்கள் சூத்திரத்துக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தது. 2013 ஆணை சந்தை விலையின் சராசரியை எடுக்கிறது. விற்பனையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள், ஜெனரிக்குகள் ஆகியவற்றின் கடைக்காரர் கொள்முதல் விலையைக் கூட்டிச் சராசரி கண்டு, அதன்மேல் 16 சதவீதம் சேர்த்தால் உச்சவரம்பு விலை கிடைக்கும். மூன்று பிராண்டுகளின் கொள்முதல் விலை 22, 20, 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18, உச்சவரம்பு 20.88. இதில் 3 ரூபாய்ச் சரக்கையும் சேர்த்தால் சராசரி 14.25 ஆகும், உச்சவரம்பு 16.53-க்கு இறங்கும். அந்தக் கம்பெனியின் பங்கு 1 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் அது கணக்கிலேயே வராது. ஆனால் அதே உச்சவரம்புவரை எம்.ஆர்.பி. அச்சிட அதற்கும் உரிமை உண்டு.

அந்த 16 சதவீதமும் உச்சவரம்பை எட்டுவதற்கான கணக்கு மட்டுமே. கடைக்காரர் கையில் உண்மையில் தங்கும் லாபத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. 18-க்கு வாங்கி 20.88-க்கு விற்றால் கிடைப்பது 2.88 ரூபாய். 3-க்கு வாங்கி 20-க்கு விற்றால் 17 ரூபாய். வாசலில் ‘20 சதவீதம் தள்ளுபடி’ என்று பலகை மாட்டி 16 ரூபாய்க்குக் கொடுத்தாலும் 13 ரூபாய் நிற்கும். நோயாளியோ நாலு ரூபாய் மிச்சம் என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரரை மட்டும் திருடன் என்று சொல்வது நியாயமில்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. விலை ஆணையின் அட்டவணையில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பே கிடையாது. முதல் விலையைக் கம்பெனியே வைக்கலாம், பிறகு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான்.

மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இந்தக் குழப்பம் இல்லாததற்குக் காரணம், அங்கே மலிவு அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

உங்களிடம் வழி இல்லாமல் இல்லை. 2019-இல் விலை ஆணையின் 19-ஆம் பத்தியைக் கொண்டு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக லாபம் 30 சதவீதம் என்று வரம்பு கட்டினீர்கள். அதை டிரேட் ஜெனரிக்குகளுக்கும் நீட்டுங்கள். ஆனால் சதவீதத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் வேலைக்காகாது. 3 ரூபாய் அட்டையில் 30 சதவீதம் என்றால் 90 காசு. அதற்காக எந்தக் கடையும் அதை அலமாரியில் வைக்காது, விலை கூடிய பிராண்டையே எடுத்துக் கொடுக்கும். எனவே மலிவான மருந்துகளுக்கு அட்டைக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான லாபம் வையுங்கள். நாலு ரூபாய் என்று வைத்தால்கூட அந்த அட்டை 7 ரூபாய்க்கு நோயாளியிடம் சேரும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் எம்.ஆர்.பி. மட்டும்தான் தெரிகிறது. பக்கத்திலேயே கடைக்காரரின் கொள்முதல் விலையையும் காட்டுங்கள்.

தரம் பற்றி மருத்துவர்கள் எழுப்பும் ஐயத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. நீரில் எளிதில் கரையாத மூலப்பொருள்களுக்கு உயிர்ச்சமநிலைச் சோதனை, அதாவது ரத்தத்தில் மூல மருந்துக்கு நிகராகச் சேர்கிறதா என்ற சோதனை, 2017-இல்தான் உரிமத்துக்குக் கட்டாயமானது. ஃபெனிடாயின், லெவோதைராக்சின் போன்றவற்றில் சிறு ஏற்ற இறக்கமே வலிப்பையோ ஹார்மோன் அளவையோ பாதிக்கலாம். அவற்றை ஒரே தயாரிப்பாளரிடமிருந்து தொடர்ந்து வாங்குவதே நல்லது, மருத்துவருக்குத் தெரியாமல் மாற்றக்கூடாது. செட்டிரிசினுக்கு அந்தக் கவலை இல்லை. சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணை மருந்தை நாங்களாக மாற்றிக் கொடுக்க மருந்து விதி 65 இடம் தராது. அது சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு, அவர்களுக்குத் தனியே எழுதுகிறோம். லாப வரம்பு உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
சில்லறை மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள்