தொலைநிலைக் கல்வி இயக்குநர்களுக்கும் படிப்பு மையப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

போட்டித் தேர்வு எழுதுவோருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பழக்கத்தில் இதை எழுதுகிறேன். "இந்தப் படிப்பு அரசு வேலைக்குச் செல்லுமா?" என்று சேர வருபவர் கேட்டால், "யூஜிசி அங்கீகாரம் உண்டு" என்ற ஒற்றை வரியோடு உங்கள் மையங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் பொய்யல்ல, ஆனால் பாதிதான்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண் 2004-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர். மேல்நிலைக் கல்வி இல்லாமலேயே, அடித்தளப் படிப்பின் வழியாகத் திறந்தநிலையில் சேர்ந்து 2013-இல் பி.ஏ. பெற்றார், பிளஸ் டூவைத் தனித்தேர்வராக 2015-இல் எழுதித் தேறினார். மூன்று சான்றிதழ்களும் அசலானவை. ஆனால் பட்டம் கேட்கும் பதவிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், மதிப்பெண் பட்டியல்களின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்த அலுவலர் அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார். தமிழ்நாடு அரசின் 18.8.2009 நாளிட்ட அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆகியவற்றை முடித்த பின் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்கிறது. பின்னால் எழுதிய பிளஸ் டூ, முன்னால் பெற்ற பட்டத்தைக் காப்பாற்றவில்லை. முதுகலையில் சேரப் போனாலும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய மூன்றாண்டுப் பட்டம்தானா என்ற கேள்வி எழும்.

தொலைநிலைப் பட்டமும் நேரடி வகுப்பில் பெற்ற பட்டமும் சமம் என்று யூஜிசியின் 2020 ஒழுங்குமுறைகள் சொல்வதை உங்கள் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. அந்தச் சமநிலை படித்த முறைக்கானது. பள்ளிப் படிப்பின் வரிசையில் உள்ள இடைவெளியை அது நிரப்பாது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கும் அது பொருந்தாது.

அந்த அங்கீகாரமும் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மொத்தமாகத் தரப்படுவதன்று. இன்ன படிப்புக்கு, இன்ன கல்விப் பருவத்துக்கு என்று தரப்படுவது. ஆகவே deb.ugc.ac.in தளத்தில், தாம் சேரும் ஜூலை அல்லது ஜனவரிப் பருவத்துக்கான பட்டியலில் நிறுவனத்தின் பெயரை மட்டுமல்லாமல் தம் படிப்பின் பெயரையும் மாணவர் தேடிப் பார்க்க வேண்டும். பி.காம். இருக்கும் பட்டியலில் எம்.பி.ஏ. இல்லாமல் போகலாம். பார்த்த பக்கத்தை அன்றே அச்செடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் பத்தாண்டு கழித்துக் கேட்கப்படுவது, சேர்ந்த பருவத்தில் அனுமதி இருந்ததா என்பதே. பொறியியல், மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே அனுமதி கிடையாது என்பதால், அவற்றை எந்த மையம் விற்றாலும் தேடிப் பார்க்கவும் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, சேர்க்கைப் படிவத்தில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறிய ஆண்டுகளுக்குக் கட்டங்கள் வையுங்கள். பிளஸ் டூ கட்டம் காலியாக இருந்தால், இந்தப் பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே கட்டணத்தைப் பெறுங்கள். இரண்டு, மாணவர் சேரும் படிப்புக்கும் பருவத்துக்கும் உரிய அனுமதிப் பக்கத்தின் நகலைக் கட்டண ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒருவர்