அட்டைப்பெட்டி உங்களுடையது, உள்ளே இருந்த மெம்ப்ரேன் யாருடையது?

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
தலைமை அலுவலகம்.

நாள்: 24.02.2025

பொருள்: தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் மாட்டிய போலி ஆர்.ஓ. மெம்ப்ரேன், அது குறித்துத் தாங்கள் அனுப்பிய முரணான இரு பதில்கள்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டில் இருப்பது தங்கள் நிறுவனத்தின் ஆர்.ஓ. மெஷின். போர் தண்ணீர்தான் போகிறது. காங்கேயம் பக்கத்து உப்புத் தண்ணீரைப் பற்றித் தங்கள் ஆட்களுக்கே தெரியும். எங்கள் போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவான டி.டி.எஸ். 1,450. பழைய மெம்ப்ரேன் நன்றாக இருந்த காலத்தில் வடிகட்டி வந்த தண்ணீர் 110 காட்டும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உப்பை நிறுத்தியது.

ஜனவரியில் தங்கள் பெயர்ப் பலகை மாட்டிய திருப்பூர் சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வந்து 75 ஜி.பி.டி. மெம்ப்ரேனை மாற்றினார். ஜி.எஸ்.டி.யோடு ரூ. 2,650க்குப் பில் இருக்கிறது. டேங்க் வேகமாக நிரம்பியது. "பாருங்க, புது மெம்ப்ரேன், எப்படித் தண்ணி வருதுன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். சில வாரத்திலேயே டீயில் உப்புக் கரித்தது. மீட்டரை விட்டுப் பார்த்தால் 620. இது பாதிக்குச் சற்று மேல் உப்பை மட்டும் நிறுத்தும் மெம்ப்ரேன்.

"டி.டி.எஸ். கண்ட்ரோலர் திறந்திருக்கும்" என்று சொல்வீர்கள் என்பதால், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் அந்தக் கண்ட்ரோலரை முழுவதும் மூடி, கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிறகு அளந்தோம்: 590. இதே தொழிலில் இருக்கும் என் மச்சினன் ஈரோட்டிலிருந்து வந்து, மெம்ப்ரேன் இருக்கும் ஹவுசிங்கைத் திறந்து, உள்குழாய் நுனியில் இருக்கும் இரண்டு ஓ-ரிங்குகளையும் பார்த்தான். அவை கிழிந்தாலும் உப்புத் தண்ணீர் நேராகக் கலந்துவிடும். இரண்டும் ஒழுங்காக இருந்தன. ஆகவே குறை மெம்ப்ரேனில்தான். வேகமாகத் தண்ணீர் வருவது நல்ல மெம்ப்ரேனுக்கு அடையாளமில்லை என்றும் அவன் சொன்னான். மேல்படலம் கெட்டுப்போன மெம்ப்ரேனில் தண்ணீரும் வேகமாகப் போகும், உப்பும் கூடவே போகும்.

இனி தங்கள் பதில்களுக்கு வருகிறேன். பெட்டியின் போட்டோவை அனுப்பச் சொன்னீர்கள். முன்பக்கத்தையும் லேபிளையும் அனுப்பினேன். "பேக்கிங்கைப் பரிசோதித்தோம், பொருள் ஒரிஜினல், உங்கள் தண்ணீரில் டி.டி.எஸ். அதிகம்" என்று பதில் வந்தது. பிறகு பெட்டியின் அடிப்பக்கத்தையும் க்யூ.ஆர். கோடையும் அனுப்பினேன். அதே புகார் எண்ணில், "பேக்கிங் போலி, வெளியில் வாங்கியது, நிறுவனம் பொறுப்பல்ல" என்று இன்னொரு பதில். ஒரே பெட்டி முதலில் அசல், பிறகு போலி.

முதல் பதிலில் பெட்டியைப் பற்றிச் சொன்னதைத் தவறென்று நான் சொல்லவில்லை. பெட்டி அசல்தான் என்று நானும் நம்புகிறேன். அச்சு தெளிவாக இருக்கிறது, நிறம் மாறவில்லை, எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அடிமடிப்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய பசை கிழிந்து, அட்டையின் மேல்தாள் உரிந்த தடம் இருக்கிறது. அதன் மேல் கண்ணாடி டேப். ஒருமுறை பிரித்த பெட்டியை மறுபடி மூடியிருக்கிறார்கள். தயாரித்த மாதம் 11/2024 என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் அடியில் 03/2023 என்று அச்சிட்டது தெரிகிறது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சட்டமுறை எடையளவு விதிகள் இடம் தருகின்றன, அதுவும் பழைய விலையை மறைக்காமல். தயாரித்த மாதத்தை மறைத்து ஒட்ட இடமே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது க்யூ.ஆர். கோடு. தங்கள் ஆப்பில் ஸ்கேன் செய்தால், "இந்தக் குறியீடு ஆகஸ்ட் 2023இல் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று வருகிறது. அதாவது இந்தப் பெட்டியில் இருந்த உண்மையான மெம்ப்ரேன் 2023லேயே யாரோ ஒருவர் வீட்டில் மாட்டப்பட்டுவிட்டது. மாட்டிய பிறகு காலிப் பெட்டி எங்கே போகிறது? வீட்டுக்காரர் பழைய பேப்பர் கடைக்குப் போடுவார், அல்லது சர்வீஸ் ஆளே பையில் போட்டுக்கொண்டு போவார். கழற்றிய பழைய மெம்ப்ரேனையும் அவரே எடுத்துப் போவார். என் வீட்டிலும், "பழசைக் குடுத்துருங்க, அதை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். பழையதை ஆசிட்டில் கழுவினால் அடைப்புப் போய்த் தண்ணீர் வரும். புது பாலிதீன் உறை போட்டு அந்தக் காலிப் பெட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. அப்படிச் செய்ததற்குப் பெட்டியின் முன்பக்கப் போட்டோவில் ஒரு தடயமும் கிடைக்காது. போலிப் பெட்டியைப் போட்டோ காட்டிக்கொடுக்கலாம். பெட்டி அசலாக இருப்பதை வைத்து உள்ளே இருப்பதும் அசல் என்று சொல்லக் கூடாது.

உள்ளே இருந்ததற்கும் எங்களிடம் போட்டோ இருக்கிறது. தாங்கள் கேட்கவில்லை. வாரண்டிக்கு ஆகும் என்று, உறையைப் பிரித்ததும் மாட்டுவதற்கு முன்பே என் மகள் எடுத்தது. மெம்ப்ரேனின் ஒரு நுனியில் வளையமாக இருக்கும் கறுப்பு ரப்பர் சீலைப் பெரிதாக்கிப் பாருங்கள். புதிதில் அதன் உதடு வெளியே விரிந்து நிற்க வேண்டும். இதில் ஹவுசிங்கில் அழுந்திக் கிடந்தது போல மடிந்திருக்கிறது. மடிப்புக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. சுருளின் முகப்பு ஓரத்தில் செம்பழுப்புக் கறை. தண்ணீரே படாத பொருளில் இவை எப்படி வந்தன? புது லேபிளுக்கு வெளியே பழைய லேபிளின் பசைத் தடம் வேறு.

"வெளியில் வாங்கியது" என்பதை நான் ஏற்கவே முடியாது. பில் தங்கள் சர்வீஸ் சென்டருடையது, ஆளை அனுப்பியது தங்கள் கால் சென்டர். வாடிக்கையாளர் வேறெங்கே போய் வாங்க வேண்டும் என்கிறீர்கள்?

எனக்கு வேண்டியவை இவை. ஆகஸ்ட் 2023இல் அந்தக் குறியீடு எந்த சர்வீஸ் சென்டரின் எந்த வேலையில் பதிவானது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தேவையில்லை. என் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, ஏற்கெனவே பதிவாகாத குறியீடு என்று ஆப்பில் காட்டி, புது மெம்ப்ரேன் மாட்ட வேண்டும். மாட்டிய பின் மீட்டரில் காட்டும் எண்ணை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலிப் பெட்டியின் குறியீட்டை வீட்டிலேயே கிழித்துப் போடும்படி தங்கள் ஆட்களுக்கு உத்தரவிடுங்கள். செலவில்லாத வேலை. பழைய குறியீட்டோடு வேலையை முடிக்க ஆப் எப்படி அனுமதித்தது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து, மாற்றித் தருகிறோம் என்று மெம்ப்ரேனைக் கேட்டுவிட்டார்கள். தரவில்லை. பெட்டி, உறை, மெம்ப்ரேன் மூன்றும் என்னிடமே இருக்கின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து வருபவர், பெற்றுக்கொண்டேன் என்று குறியீட்டு எண்ணோடு எழுதித் தந்தால் மட்டுமே ஒப்படைப்பேன். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதில் இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட எனக்கு உரிமை உண்டு.

பில், ஜாப் கார்டு, தங்கள் இரு பதில்கள், பெட்டி மற்றும் மெம்ப்ரேன் போட்டோக்கள், ஆப் திரையின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காங்கேயம்.