கிழித்துப்போட்ட கடிதத்துக்குப் பிறகு

காட்பாடி,
செவ்வாய் இரவு

அன்புள்ள சேகர்,

ஞாயிறு ராத்திரியே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். நல்லவேளை, மறுநாள் தபாலாபீஸுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. இன்று எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருந்தது.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றுதான் அது ஆரம்பித்தது. பொய்யில்லைதான், 15,000 பாக்கி இருந்தது. ஆனால் உன் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில், சம்பந்தி வீட்டார் எதிர் இலையில் உட்கார்ந்திருக்க, "இன்னொரு ஜாங்கிரி வைக்கட்டுமாடா?" என்று நீ ஆசையாகக் கேட்டபோது, "முதல்ல பாக்கி துட்ட வைடா" என்றேனே, அது கணக்குக் கேட்கிற இடமா? சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஜாங்கிரித் தட்டைப் பிடித்திருந்த உன் கை அப்படியே நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த வரி, "உன் மனசு புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்." அந்த 'இருந்தால்' எவ்வளவு கள்ளத்தனம், பார். உனக்குத்தான் தோல் மெல்லிசு என்பதுபோல. அடித்துவிட்டேன். அதற்குக் கீழே "ஆனால் நீயும் கொல்லைப்புறத்தில் என்னை..." என்று முக்கால் பக்கம். நீ சொன்னது எனக்கு வலித்தது உண்மை. அதைப் பேசவேண்டுமானால் வேறொரு நாள் பேசலாம்; இந்தக் கடிதத்தில் சேர்த்தால் இது மன்னிப்பு இல்லை, பேரம்.

இதையெல்லாம் எடுத்தபிறகு மிஞ்சியது இவ்வளவுதான்: உன் வீட்டு நல்ல காரியத்தில், உன் புது உறவுக்காரர்கள் முன்னால், உன்னைக் கடன்காரனாகக் காட்டி அவமானப்படுத்தினேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்று ராத்திரியே பணம் போனில் வந்து விழுந்தது. நிச்சயச் செலவுக்கு நடுவில் எங்கே புரட்டினாயோ. திருப்பி அனுப்பிவிடலாம் என்று விரல் போனது, பிறகு நிறுத்திக்கொண்டேன். நீ ரோஷத்தோடு கொடுத்ததைத் திருப்பினால் அது இரண்டாவது அடியாகிவிடும். உனக்குக் கையில் நெருக்கடி என்றால் ஒரு வார்த்தை சொல், யாருக்கும் தெரியாமல் வந்து சேரும்.

சம்பந்தியிடம் நானே குடியாத்தம் வந்து, "விளையாட்டென்று உளறிவிட்டேன், அவன் எனக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை" என்று சொல்லத் தயார். பலர் முன்னால் பேசியதைத் தனியாகக் கடிதத்தில் கழுவிவிட முடியாது. ஆனால் ஆறிய விஷயத்தை மறுபடி கிளறுவது உனக்குச் சங்கடமாக இருக்கலாம். அதனால் உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

பதில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. கோபம் ஆறுகிறபோது ஆறட்டும். அம்மாவிடம் மட்டும் நான் விசாரித்ததாகச் சொல். நம் சண்டை அவர்களுக்குத் தெரியாதென்றால், தெரியாமலே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு நீ கூப்பிட்டால் பந்தி பரிமாற முதல் ஆளாக வந்து நிற்பேன். சாம்பார் வாளி மட்டும் கொடு, வாய் திறக்கமாட்டேன்.

உன்,
முருகன்