சிக்கல் ஜிபி-யில் மட்டும் இல்லை, பாதையிலும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1080பி திரையில் நன்றாக ஓடும் கார்டு 4கே-யில் திணறினால் அதற்கு 8 ஜிபி மெமரி போதாததே காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால், 16 ஜிபி கார்டு வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோவையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி கார்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, பழைய திரையில சூப்பரா ஓடுச்சுங்க. 4கே மானிட்டர் வாங்கி மாட்டினதும் செத்துப் போச்சு. கார்டுல ஏதோ கோளாறு, மாத்திக் குடுங்க" என்றான். என் பெஞ்சில் மாட்டிப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது, மின்சாரம் சரியாகப் போனது, படத்தில் புள்ளியோ கோடோ இல்லை. கோளாறு எதுவும் இல்லை. அது 128 பிட் கார்டு, அவ்வளவுதான். அதை அவனுக்கு விளக்க ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

இதற்கு நல்ல உதாரணம் என்விடியாவின் இரண்டு கார்டுகள். 2020 டிசம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ ஒன்று, 2023 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ இன்னொன்று. இரண்டும் 399 டாலர் விலையில் அறிமுகமானவை, இரண்டிலும் 8 ஜிபி. மெமரி அளவு ஒன்றே என்பதால், அதைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. கணக்குப் போடும் வேகத்தில் புதியது நன்றாகவே முந்துகிறது: ஏட்டளவில் பழையது சுமார் 16 டெராஃப்ளாப்ஸ் என்றால் புதியது 22. அது வந்தபோது வெளியான சோதனைகளில் 1080பி-யில் பழையதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் முன்னால் நின்றது. 4கே-க்குப் போனதும் அந்த முன்னிலை பெருமளவு கரைந்துவிட்டது. சில விளையாட்டுகளில் பழைய கார்டே ஒன்றிரண்டு பிரேம் கூடுதலாகக் கொடுத்தது.

ஏன்? புதிய கார்டின் மெமரி பஸ் 128 பிட், பழையதில் 256 பிட். பஸ் என்பது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே டேட்டா போய்வரும் பாதை. ஒரு ஜிடிடிஆர்6 மெமரி சில்லு 32 பிட் அகலம் என்பதால், பழைய கார்டில் எட்டுச் சில்லுகள் ஒரே நேரத்தில் பேசுகின்றன, புதியதில் நான்கு மட்டுமே. புதிய சில்லுகள் வேகமானவைதான். ஒவ்வொரு பிட்டிலும் நொடிக்கு 18 கிகாபிட் போகிறது, பழையதில் 14. ஆனால் பெருக்கிப் பார்த்தால்:

```
3060 Ti: 256 × 14 ÷ 8 = 448 GB/s
4060 Ti: 128 × 18 ÷ 8 = 288 GB/s
```

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அப்படியானால் 1080பி-யிலேயே அடிவாங்கியிருக்க வேண்டுமே, எப்படி ஜெயித்தது? அதற்குக் காரணம் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ். பழையதில் 4 எம்பி. புதியதில் 32 எம்பி.

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டிதான் கேஷ். வெளி மெமரி, வீட்டின் கடைசியில் இருக்கும் ஸ்டோர் ரூம். நான்கு பேருக்குச் சமைக்கும்போது வேண்டியது பெரும்பாலும் பெட்டியிலேயே கிடைக்கும். ஸ்டோர் ரூமுக்குப் போகும் நடை குறுகலாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பதினாறு பேருக்குச் சமைக்கும் நாளில்தான் ஒவ்வொன்றுக்கும் அந்த நடையில் ஓட வேண்டிவரும். இந்தக் கேஷால் மெமரிக்குப் போகும் போக்குவரத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று சொன்ன என்விடியா, நொடிக்கு 288 ஜிபி-க்குப் பதில் 554 ஜிபி என்ற "பயனுறு" எண்ணையும் வெளியிட்டது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் எல்லாத் திரைக்கும் ஒன்றல்ல. பாதிக்குப் பாதி கேஷில் கிடைக்கும்வரைதான் அது நிற்கும்.

4கே-யில் ஏன் அப்படிக் கிடைப்பதில்லை என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1080பி திரையில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே-யில் 83 லட்சம், அதாவது சரியாக நான்கு மடங்கு. இப்போதைய விளையாட்டுகள் வெளிச்சக் கணக்கைப் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கு 8 பைட் எடுக்கும் வடிவில் வைத்துக்கொள்கின்றன. கூடவே எது முன்னால், எது பின்னால் என்று குறித்து வைக்கும் ஆழக் கணக்குக்குப் புள்ளிக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 பைட். 1080பி-யில் இது 25 எம்பி வருகிறது. 32 எம்பி கேஷுக்குள் அடங்கிவிடும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். 1440பி-யில் 44 எம்பி, கேஷைத் தாண்டிவிட்டது. 4கே-யில் கிட்டத்தட்ட 100 எம்பி.

உண்மையில் இது இவ்வளவு நேர்கோடாக இருக்காது. ஒரு பிரேமுக்குள் இதுபோல் பல பஃபர்கள் எழுதப்படும், திரும்பப் படிக்கப்படும். டெக்ஸ்சர்களும் அதே கேஷில்தான் இடம் கேட்கும். இன்னொரு பக்கம், கார்டு டேட்டாவைச் சுருக்கி எழுதுகிறது, திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து வேலை செய்கிறது. அதனால் 32 எம்பி-யைத் தாண்டிய அடுத்த நொடியே கேஷ் பயனற்றுப் போய்விடாது. ஆனால் போக்கு அதுதான். ஒரு கட்டத்தில் எழுதியதை அடுத்த கட்டம் படிக்க வரும்போது, அது கேஷிலிருந்து ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டிருக்கும். திரும்ப மெமரிக்கு ஓட வேண்டும். திரை பெரிதாகும்போது கேட்கும் டேட்டாவும் கூடுகிறது, அதில் கேஷ் தாங்கும் பங்கும் குறைகிறது. குறுகிய பாதை இரண்டு பக்கமும் அடி வாங்குவது இதனால்தான்.

ஏஎம்டி இதே வழியை இதற்கு முன்பே எடுத்தது. 2020-இல் வந்த ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி-யில் 128 எம்பி கேஷ் வைத்தார்கள், 4கே-யில் 58 சதவீதம் வரை அதில் கிடைக்கும் என்றார்கள். அடுத்த வருடம் வந்த ஆர்எக்ஸ் 6600 எக்ஸ்டி-யில் கேஷை 32 எம்பி-யாக வெட்டி, பஸ்ஸை 128 பிட் ஆக்கி, இது 1080பி கார்டு என்று சொல்லியே விற்றார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இனி கட்டுரையாளர் சொன்ன 8 ஜிபி விஷயம். இதற்கும் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஜூலையில் அதே 4060 டிஐ 16 ஜிபி-யோடு 499 டாலருக்கு வந்தது. பலகையின் பின்பக்கமும் சில்லுகளை ஒட்டி மெமரியை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். பஸ் அதே 128 பிட், வேகமும் நொடிக்கு அதே 288 ஜிபி. ஸ்டோர் ரூமைப் பெரிதாகக் கட்டிவிட்டு நடையை அப்படியே விட்டதுபோல. 8 ஜிபி-யில் அடங்கிய விளையாட்டுகளில் இரண்டு கார்டும் ஒரே எண்ணைத்தான் கொடுத்தன. 8 ஜிபி-யைத் தாண்டிய சில விளையாட்டுகளில் மட்டும் 16 ஜிபி கார்டு உண்மையாகவே காப்பாற்றியது. ஆக, இரண்டும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றதுக்கு வேலை செய்யாது.

எந்த நோய் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. மெமரி நிரம்பி வழிந்தால் டேட்டா பிசிஐ ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய்வர வேண்டும். இந்தக் கார்டில் அந்த வழி நொடிக்குச் சுமார் 16 ஜிபி-தான், பழைய மதர்போர்டில் அதிலும் பாதி. அதனால் ஆட்டம் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று குதிக்கும், உறையும், டெக்ஸ்சர் மங்கலாக வந்து அப்புறம் தெளியும். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். பாதை குறுகல் என்றால் இப்படி ஆகாது. குதிப்பு இருக்காது, எல்லாப் பிரேமும் ஒரே சீராக மெதுவாக வரும். டெக்ஸ்சரை இறக்கினாலும் பெரிதாக மாறாது, ரெசல்யூஷனை இறக்கினால்தான் மாறும்.

அந்தத் தம்பியின் கார்டில் இன்னொன்றும் செய்து காட்டினேன். ஓவர்கிளாக் மென்பொருளில் சிப்பின் வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். 1080பி-யில் பிரேம் கூடியது, 4கே-யில் ஏறக்குறைய அசையவில்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு மெமரி வேகத்தை மட்டும் கூட்டினேன். இப்போது 4கே-யில் அசைந்தது. எது மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். கார்டு 99 சதவீதம் வேலை செய்கிறது என்று திரையில் காட்டுவதை நம்ப வேண்டாம். டேட்டாவுக்குக் காத்திருப்பதும் அந்த 99-இல் சேர்த்தி.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. 4060 டிஐ 4கே-யில் சறுக்குவதன் முழுப் பழியையும் பஸ் மேல் போட முடியாது. முடிந்த புள்ளிகளை எழுதி முடிக்கும் ஆர்ஓபி அலகுகளும் அதில் 48-தான், பழையதில் 80. கூடுதல் கிளாக் வேகம் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டினாலும், முழுவதுமாக ஈடுகட்டவில்லை.

4கே திரையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் போன்ற வசதியை பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்தால் விளையாட்டு உள்ளே 1080பி-யில்தான் வரையப்படும். அந்த 25 எம்பி கணக்கு திரும்ப வந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிய பிறகு நடக்கும் கடைசி வேலைகள் மட்டும்தான் முழு 4கே-யில். அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் ஆடுகிறான். கார்டை மாற்றித் தரச் சொல்லி மறுபடி வரவில்லை.

கடைசியாக, 128 பிட் என்று பார்த்ததும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யும் 128 பிட்தான். அதில் இருப்பது 28 கிகாபிட் வேகத்தில் ஓடும் ஜிடிடிஆர்7. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 448 ஜிபி. 2020-இல் 256 பிட் பாதையில் போன அதே அளவு. அடுத்த முறை தங்கள் இதழில் கார்டுகளுக்கு ஒப்பீட்டு அட்டவணை போடும்போது, ஜிபி-க்குப் பக்கத்தில் இந்த எண்ணுக்கும் எல்2 கேஷுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை